இல்லாத ஆசிரியருக்கு ஒரு வழியனுப்பு உரை

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸப்பில் மூன்று போட்டோ வந்தது. அக்கா மகள் அனுப்பியிருந்தாள். பத்தாம் வகுப்பு. முதல் போட்டோ தமிழ் வினாத்தாளின் ஒரு பக்கம், கோணலாக எடுத்தது, கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் அவள் எழுதிய விடை. கீழே ஒரு வரி: "மாமா, எட்டுக்கு நாலு தான் போட்டிருக்காங்க. எங்க தப்புன்னு சொல்லுங்க."

வினா இதுதான்: 'உங்கள் பள்ளியில் 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறும் ஆசிரியருக்கு நடைபெறும் பிரிவு உபசார விழாவில், மாணவர் சார்பில் நீங்கள் ஆற்றும் உரையை எழுதுக.' அதற்கு மேல் போட்டோவில் எதுவும் தெரியவில்லை.

நான் தமிழ் படித்தவன் இல்லை, பி.இ. படித்துவிட்டு கோட் எழுதிப் பிழைக்கிறவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எழுதிய இரண்டு பக்க உரையை ஒரு இலக்கியப் பிரதியைப் படிப்பது போல வரி வரியாகப் படித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. படித்ததில் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அவளிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பேர் போடக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

உரை இப்படித் தொடங்குகிறது:

"பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, என் அருமை மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்."

கேட்டுப் பழகிய வரிதான். முதல் தடவை எனக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. இரண்டாவது தடவை படித்தபோதுதான் கவனித்தேன், யாருக்காக விழாவோ அவரை விளிக்கவே இல்லை! தலைமையாசிரியர் இருக்கிறார், மற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலை போட்டு நடுநாற்காலியில் உட்கார வைத்திருக்கும் டீச்சரைக் காணோம். இன்னொன்று, 'மாணவச் செல்வங்களே' என்பது பெரியவர் வாயில் வரவேண்டிய சொல். பத்தாவது படிக்கும் பிள்ளை ஒன்பதாவது படிக்கும் பிள்ளையைப் பார்த்து 'செல்வமே' என்று சொல்லாது. இது எங்கிருந்து வந்தது என்பது எளிது. அவள் பள்ளியில் காதால் கேட்ட உரைகள் எல்லாம் தலைமையாசிரியரும் சிறப்பு விருந்தினரும் பேசியவை. அந்தத் தொடக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறாள். எங்கள் தொழிலில் இதை காப்பி பேஸ்ட் என்போம். வேலை செய்யும், ஆனால் உள்ளே இன்னொருவருடைய வேரியபிள் பேர் அப்படியே கிடக்கும்.

அடுத்த பத்தி:

"நம் ஆசிரியை அவர்கள் 30 ஆண்டுகள் அயராது உழைத்தார்கள். மெழுகுவர்த்தி போலத் தன்னை உருக்கி நமக்கு ஒளி தந்தார்கள். ஏணியாகவும் தோணியாகவும் இருந்து நம்மைக் கரை சேர்த்தார்கள். அவர்களுடைய இழப்பு நமக்கு ஈடு செய்ய முடியாதது."

இதை நான் மனைவியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன், என்ன வினா என்று சொல்லாமல். "யார் செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

இந்தப் பத்தியின் பெரிய கோளாறு அதுதான். ஒரு வழியனுப்பு உரையைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தப் பத்தியை எடுத்து அப்படியே ஒரு இரங்கல் கூட்டத்தில் படித்துப் பாருங்கள். ஒரு சொல் கூட மாற்றாமல் பொருந்தினால் அது வழியனுப்பு உரை இல்லை. 'இழப்பு', 'ஈடு செய்ய முடியாதது' இரண்டும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் இருந்து நேராக வந்தவை. உழைத்தார்கள், தந்தார்கள், சேர்த்தார்கள் என்று வரிசையாக இறந்தகால வினைமுற்றுகள் வந்து விழும்போது, படர்க்கையில் பேசப்படும் ஆள் அங்கே இல்லை என்ற உணர்வு தானாக வந்துவிடுகிறது. ஆனால் அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்குக் காலையில் காய்கறி வாங்கப் போகப்போகிறார்.

மெழுகுவர்த்தியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஆசிரியரை எதனோடு ஒப்பிடுவது என்பது தமிழில் புதிய கேள்வி இல்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், எழுத்துகளைப் பற்றித் தொடங்குவதற்கு முன்பே, பொதுப்பாயிரத்தில் இதைப் பேசிவிடுகிறது. நல்லாசிரியருக்கு நான்கு உவமை சொல்கிறது: நிலம், மலை, துலாக்கோல், மலர். சும்மா பட்டியல் போட்டுவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றும் ஏன் என்று விளக்குகிறது. நிலம் பொறுத்துக்கொள்ளும், உழுகிறவன் பருவத்தில் போட்ட முயற்சியின் அளவுக்குத் திருப்பித் தரும். மலை அசையாது, மழை இல்லாத காலத்திலும் ஏதோ கொடுக்கும். துலாக்கோல் சந்தேகத்தைத் தீர்க்கும், பக்கம் சாயாது. மலர் மங்கலமானது, மென்மையானது, உரிய பொழுதில் முகம் மலரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஆசிரியர் ஆகத் தகாதவருக்குச் சொல்லும் நான்கு. கழற்சிக்காய் போட்டு வைத்த குடம் ஒன்று. காய்களைப் போட்ட வரிசையில் அது திருப்பித் தராது, கவிழ்த்தால் கலைந்து கொட்டும். படித்த வரிசையில் சொல்லித்தரத் தெரியாத ஆள். மட்டை உரிக்காத பனைமரம் இன்னொன்று. தானாகப் பழம் விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம், ஏறிப் பறிக்க விடாது. கேள்வி கேட்டால் எரிந்து விழுகிற ஆள். பருத்தி அடைத்த குண்டிகையில் உள்ளே திணிப்பதும் கஷ்டம், வெளியே எடுப்பதும் கஷ்டம். கடைசியாக, வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், காய் விழுவது பக்கத்து வீட்டுக் கொல்லையில். வகுப்பில் ஒன்றும் நடத்தாமல் சாயங்காலம் டியூஷனில் நடத்துகிறவர்களைப் பற்றி இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

இந்த எட்டு உவமைகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அவை ஆசிரியரின் வேலையைச் சொல்கின்றன. வரிசை, கேள்விக்கு இடம், எடை போடுதல், முயற்சிக்குத் தக்க பலன். இந்த உவமையைக் கேட்டவன் எழுந்து, 'எங்க டீச்சர் துலாக்கோல்தான், ஏன்னா...' என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடரலாம். மெழுகுவர்த்தியில் அது முடியாது. அது தியாகத்தை மட்டும் சொல்கிறது, வேலையைச் சொல்வதில்லை. அதோடு, உவமையை முழுக்கக் கொண்டுபோனால் விழா நாளில் மேடையில் இருப்பது உருகி முடிந்த மெழுகு. சால்வை போர்த்தி உட்கார வைத்திருப்பவரிடம் போய், நீங்கள் எரிந்து தீர்ந்துவிட்டீர்கள் என்று சொல்கிறோம். ஏணியும் தோணியும் கூட அப்படித்தான். நாம் ஏறிப் போய்விட்டோம், அது அங்கேயே கிடக்கிறது. மூன்றிலும் ஆசிரியர் ஒரு பொருள், பயன்படுத்தியவர்கள் நாம்.

இதில் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏணி, தோணி என்று ஓசை அடுக்கி வருகிறதே, அது மேடைத்தமிழ் போட்டுக்கொடுத்த பாதை. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரையில் தங்கி ஆய்வு செய்து 2009-இல் தமிழ் மேடைப்பேச்சைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நாம் ரொம்பப் பழசு என்று நினைக்கும் அந்தச் செந்தமிழ் மேடை நடை இருபதாம் நூற்றாண்டு அரசியல் மேடைகளில் உருவான ஒன்று என்பது அவருடைய வாதம். அவர் இறந்தபின் 2021-இல் வந்த இரண்டாவது நூல் இன்னும் பின்னால் போகிறது. கூட்டத்தைக் கூட்டிவைத்து எல்லோருக்கும் பொதுவாக ஒருவர் உரையாற்றும் வழக்கமே புராட்டஸ்டன்ட் பிரசங்கத்தின் வழியாக நம்மிடம் வந்தது, யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847-இல் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கியது அதன் ஒரு கட்டம் என்கிறது. எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அக்கா மகளின் முதல் இரண்டு பத்திகளை அதை வைத்துப் படித்தால் புரிகிறது. அவள் எழுதியது டீச்சரிடம் பேசும் பேச்சு இல்லை. ஒரு மைக்கிடம் பேசும் பேச்சு.

சரி, மூன்றாவது பத்திக்கு வருவோம். இந்தப் பதிவையே எழுதவைத்தது இதுதான். முழுசாகத் தருகிறேன்.

"டீச்சர் வருகைப் பதிவேடு எடுக்கும்போது வராத பிள்ளையின் பெயரை இரண்டு முறை கூப்பிடுவார்கள். முதல் முறை சத்தமாக. இரண்டாவது முறை மெதுவாக. பிறகு அந்தப் பிள்ளையின் தெருவில் இருந்து வருபவளைப் பார்த்து, 'எங்கடி அவ? சாயங்காலம் போய் சாப்ட்டாளான்னு பாத்துட்டு வா' என்று சொல்வார்கள். மறுநாள் மறக்காமல் கேட்பார்கள். நான் ஆறாம் வகுப்பில் காய்ச்சலில் படுத்திருந்தபோது என்னையும் ஒருத்தி வந்து பார்த்தாள். டீச்சர் கேட்கச் சொன்னதாகச் சொல்லவில்லை. சும்மா வந்தேன் என்றாள்."

திருத்தியவர் 'எங்கடி அவ' தொடங்கி 'பாத்துட்டு வா' வரை சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'கொச்சை' என்று எழுதியிருக்கிறார். பத்தியின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அந்த விடையில் ஒரு மனுஷி நடமாடுவது அந்த இடத்தில் மட்டும்தான். மற்ற பத்திகளில் பெயரை மாற்றினால் எந்த ஆசிரியருக்கும், ஏன், எந்த வட்டாட்சியருக்கும் பொருந்தும். இங்கே மாற்ற முடியாது.

இலக்கணமாகவும் இங்கே ஒன்று நடக்கிறது. இந்தப் பத்தியின் முக்கியமான வினைகளைப் பாருங்கள்: கூப்பிடுவார்கள், சொல்வார்கள், கேட்பார்கள். வடிவத்தில் எதிர்காலம், பொருளில் வழக்கம். தமிழில் ஒருவர் வழக்கமாகச் செய்ததைச் சொல்ல எதிர்கால வடிவத்தைத்தான் எடுக்கிறோம். 'அப்பல்லாம் தாத்தா திண்ணையிலதான் படுப்பாரு' என்போம், தாத்தா போய் இருபது வருஷம் ஆகியிருக்கும். இந்த வடிவத்துக்கு முடிவுப்புள்ளி கிடையாது. உழைத்தார்கள் என்றால் உழைப்பு முடிந்தது. கூப்பிடுவார்கள் என்றால் நாளைக்கும் கூப்பிடக்கூடும். அதனால்தான் இரண்டாம் பத்தியில் போய்விட்டவர் போலத் தெரிந்தவர் மூன்றாம் பத்தியில் இருக்கிறார். ஆனால் இதை ஒரு விதியாக ஆக்க முடியாது. என்னுடைய தாத்தா உதாரணமே காட்டுவது போல, இரங்கல் பேச்சிலும் இந்த வடிவம் நன்றாக வரும். வடிவமும் அந்தத் துல்லியமான செய்கையும் சேரும்போதுதான் வேலை நடக்கிறது. 'எப்போதும் அன்பாகப் பேசுவார்கள்' என்று எழுதியிருந்தால் வினை அதேதான், உயிர் இருக்காது.

'கொச்சை' விஷயத்துக்கு வருகிறேன். எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு வேறாக இருப்பதை மொழியியலில் இரட்டை வழக்கு என்பார்கள். சார்லஸ் பெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான கருத்து. மேடை உரை இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது. அது பேச்சுதான், ஆனால் எழுத்துத் தமிழில் பேசப்படும் பேச்சு. தேர்வில் அதையும் எழுதச் சொல்கிறோம். ஆக, பேச்சாகப் பேசப்படவேண்டிய எழுத்துத் தமிழை எழுத்தில் எழுதவேண்டும். தலை சுற்றுகிறதா? பிள்ளைக்கும் சுற்றும். அதனால் எல்லோரும் பாதுகாப்பாகக் கட்டுரைத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அவள் தன் நடையில் பேச்சு வழக்கைக் கலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தான் பேசும் வாக்கியங்கள் எல்லாம் 'கூப்பிடுவார்கள்', 'சொல்லவில்லை' என்று எழுத்துத் தமிழில்தான் இருக்கின்றன. மேற்கோள் குறிக்குள் இன்னொருவர் வாய்மொழி வரும் இடத்தில் மட்டும் பேச்சுத் தமிழ். தமிழில் சிறுகதை எழுதுகிற யாரும் காலம் காலமாகச் செய்வது இது. 'அவள் எங்கே? மாலையில் சென்று உணவருந்தினாளா என்று பார்த்து வா' என்று எழுதியிருந்தால் அடிக்கோடு விழுந்திருக்காது. டீச்சரும் இருந்திருக்க மாட்டார். இதில் ஒரு வேடிக்கை, உண்மையான இலக்கணப் பிழை இரண்டாம் பத்தியில் இருக்கிறது, அதற்கு அடிக்கோடே இல்லை. 'ஆசிரியை அவர்கள்... தன்னை உருக்கி... தந்தார்கள்' என்பதில் 'தன்னை' ஒருமை. மரியாதைப் பன்மைக்கு 'தம்மை' வரவேண்டும். மெழுகுவர்த்தி அவ்வளவு பழகிப்போய்விட்டது, அந்த வாக்கியத்தை யாரும் படிப்பதே இல்லை.

நான்காம் பத்தியில் திடீரென்று, "நீங்கள் எங்களை விட்டுச் செல்கிறீர்கள். நாங்கள் உங்களை மறக்கமாட்டோம்" என்று வருகிறது. இதுவரை கூட்டத்திடம் டீச்சரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் இப்போது டீச்சரிடமே பேசுகிறாள். இந்தத் திருப்பம் வழியனுப்பு உரைக்கே உரியது, இந்த வகை உரைக்கு இரண்டு கேட்போர் உண்டு. வரவேற்புரையில் கூட இவ்வளவு கூர்மையாக வராது. மேடையில் பேசுகிறவர் இந்த இடத்தில் உடம்பைத் திருப்புவார், ஒரு நொடி நிறுத்துவார், 'ஐயா' என்றோ 'டீச்சர்' என்றோ கூப்பிடுவார். தாளில் உடம்பு இல்லை. அதனால் அந்த ஒரு விளி கட்டாயம் வேண்டும். அவள் விளி இல்லாமல் தாவிவிட்டாள். படிக்கும்போது 'நீங்கள்' யார் என்று அரை வாக்கியம் தடுமாறுகிறது. தொடக்கத்தில் டீச்சரை விளிக்காமல் விட்ட அதே தவறு, இங்கே இன்னொரு முறை.

சத்தமாகப் படித்து போன் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். மொத்தம் 1 நிமிடம் 50 விநாடி. அதில் தொடக்க விளிகளும் கடைசி நன்றிகளும் 35 விநாடி. வருகைப் பதிவேடு 25 விநாடிதான்.

இதையெல்லாம் எழுதி, 'உனக்கு 6 கிடைக்கணும், டீச்சர் திருத்தினது தப்பு' என்று முடித்து அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா போனிலேயே கூப்பிட்டாள். "முழுக் கேள்வியையும் பாத்தியாடா?" என்றாள். மறுபடி ஒரு போட்டோ வந்தது, இந்த முறை நேராக எடுத்தது.

முதல் போட்டோவில் வெட்டுப்பட்டிருந்த கீழ்ப்பகுதியில் ஒரு கட்டம் இருந்தது. குறிப்புச் சட்டகம்: முன்னுரை, ஆசிரியரின் கல்விப் பணி, மாணவர்மீது காட்டிய அன்பு, பிற பணிகள், முடிவுரை.

அவ்வளவுதான் புதிர். ஐந்து தலைப்பு இருக்கிறது. அவள் உட்தலைப்பு ஒன்றுகூடப் போடவில்லை. பிற பணிகள் என்பது விடையிலேயே இல்லை. திருத்துகிறவர் முன்னால் ஒரு கட்டுத் தாள் இருக்கும். அவர் தலைப்புகளைத் தேடுவார், இருப்பதற்கு மதிப்பெண் போடுவார். அந்தக் கணக்குப்படி நான்கு என்பது அநியாயம் இல்லை. சட்டகத்தைப் பார்க்காமலே ஒரு ஆசிரியரைக் குறை சொல்லி முடித்திருந்தேன். ஸ்பெக் முழுசாகப் படிக்காமல் பக் ரிப்போர்ட் எழுதுகிறவர்களை ஆபீஸில் நானே திட்டுவேன்.

ஆனால் கோபம் இடம் மாறியதே தவிரப் போகவில்லை. கேள்வி கேட்பது உரையை, சட்டகம் கேட்பது கட்டுரையை. உரையில் யாராவது 'முன்னுரை' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவார்களா? 'பிற பணிகள்' என்று அடிக்கோடிட்டு வாசிக்க முடியுமா? 'மாணவர்மீது காட்டிய அன்பு' என்று தலைப்புப் போட்டதுமே அதன் கீழே அன்பு என்ற சொல்தான் வரும், வருகைப் பதிவேடு வராது. இது பிள்ளையின் குறையும் இல்லை, திருத்தியவரின் குறையும் இல்லை. கேள்வியே இரண்டு வகையாகப் பிளந்து கிடக்கிறது.

கேள்வியில் இருக்கும் 'பிரிவு உபசார விழா' என்ற சொல்லும் கொஞ்சம் பழையது. இப்போது நம் ஊர் அழைப்பிதழ்களில் 'பணி நிறைவுப் பாராட்டு விழா' என்றுதான் பார்க்கிறேன். பிரிவும் இல்லை, ஓய்வும் இல்லை, நிறைவு. அந்தச் சொல்லைக் கேள்வியில் போட்டிருந்தால், 'இழப்பு' என்ற சொல் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது என்று நினைக்கிறேன். சிலர் 'பிரியாவிடை' என்பார்கள். மதுரைக்காரர்களுக்கு அது வேறொன்று. சித்திரைத் தேரில் சுந்தரேசுவரர் தனியாக வருவதில்லை, பிரியாவிடை அம்மனோடு வருவார். மீனாட்சிக்குத் தனித் தேர். அங்கே பிரியாவிடை என்றால் பிரியாமல் கூடவே இருப்பவள்.

கேள்வி மறைக்கும் இன்னொரு நடைமுறை விஷயம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60. அந்த வயது முடியும் மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு நாள். ஆசிரியர்களுக்கு நடுவில் போகவேண்டி வந்தால், பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்று கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனம் கொடுப்பார்கள். ஆகவே நிறையப் பேர் கடைசியாகக் கையெழுத்துப் போடுவது மே 31. அன்றைக்குப் பள்ளி கோடை விடுமுறை! பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். பாராட்டு விழாவை முன்னாலேயே வைத்தால்தான் மாணவர் சார்பில் பேச ஆள் இருக்கும். அதுவும் ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இதை அக்கா மகளிடம் சொன்னபோதுதான் ஒன்று தெரிந்தது. வருகைப் பதிவேட்டு டீச்சர் அவள் இட்டுக்கட்டியது இல்லை. ஆறாம் வகுப்பில் அவளுக்கு வகுப்பாசிரியராக இருந்தவர், இதே வருஷம் ஓய்வு பெறுகிறார். கேள்வியைப் பார்த்ததும் அவர் ஞாபகம் வந்து எழுதிவிட்டாள். விழா மார்ச் முதல் வாரத்தில் வைத்திருக்கிறார்களாம்.

"அப்ப நீயே பேசேன்" என்றேன்.

"கேட்டிருக்காங்க மாமா. ரெண்டு நிமிஷம்."

இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினோம். நான் நீக்கச் சொன்னது மெழுகுவர்த்தியையும் இழப்பையும். ஏணியை விடமாட்டேன் என்றாள், தோணியை மட்டும் விட்டாள். 'மாணவச் செல்வங்களே' போய் 'என் தோழிகளே' ஆனது. தொடக்க விளியில் டீச்சரைச் சேர்த்தாள், தலைமையாசிரியருக்கு அடுத்ததாக. நான்காம் பத்திக்கு முன்னால் தனி வரியில் 'டீச்சர்,' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் 'திரும்பணும்' என்று குறித்துக்கொண்டாள். பிற பணிகளுக்கு, நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு டீச்சர் மைதா பசை காய்ச்சி ஒட்டியதைச் சேர்த்தாள். அது தேர்வில் ஏன் ஞாபகம் வரவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் பணின்னு தோணல மாமா" என்றாள்.

ஒன்றில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. 'எங்கடி அவ' என்பதை மேடையில் அப்படியே சொல்லலாம் என்பது என் கட்சி. தலைமையாசிரியர், பெற்றோர், வெளியாட்கள் எல்லாம் இருக்கும்போது டீச்சர் 'டி' போட்டுப் பேசினார் என்று சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்காதா என்பது அவள் கட்சி. யோசித்துப் பார்த்தால் இது கொச்சை பற்றிய கேள்வியே இல்லை. வகுப்பறைக்குள் பேசிய பேச்சை வெளியே எடுத்துப்போகலாமா என்ற கேள்வி. தாளில் எழுதும்போது டீச்சர் கேட்கப்போவதில்லை, அதனால் எனக்கும் இது தோன்றவில்லை.

கடைசியில் அவள் 'டி'யை எடுத்துவிட்டு, 'சாப்ட்டாளான்னு பாத்துட்டு வா' என்பதை மட்டும் வைத்துக்கொண்டாள். 'பாத்துட்டு வா'வை மாற்ற அவள் ஒத்துக்கொள்ளவில்லை.